ஆப்பிளைக் கழுவ எது போதும்?

காய்கறி, பழம் கழுவுவதற்கென்றே பாட்டிலில் திரவம் விற்கிறார்கள். ஒரு மூடி ஊற்றி ஊறவைத்தால் பூச்சிமருந்து போய்விடும் என்கிறது விளம்பரம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில வேளாண் ஆய்வு நிலையம் இதைச் சோதித்துப் பார்த்தது. லெட்டூஸ் கீரை, ஸ்ட்ராபெரி, தக்காளி ஆகியவற்றைக் கடைத் திரவங்களிலும், பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலிலும், வெறும் குழாய்த் தண்ணீரிலும் தனித்தனியே கழுவினார்கள். மருந்து குறைந்த அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

காரணம் இருக்கிறது. தோலின் மேல் படிந்திருக்கும் மருந்தில் பெரும்பகுதியைப் பெயர்ப்பது ஓடும் தண்ணீரின் வேகமும் கையின் தேய்ப்பும்தான். தண்ணீரில் எளிதில் கரையும் மருந்துதான் அதிகம் போகும் என்பதும் அந்த நிலையத்தின் ஆய்வில் உறுதிப்படவில்லை. சோப்பை மட்டும் தொடவே வேண்டாம். பழத்தோலின் நுண்துளைகளில் அது தங்கிவிடும்.

தண்ணீரை மிஞ்சியது நம் அடுக்களையில் இருக்கும் ஆப்பசோடாதான். 2017-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிள்மீது தையபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லியையும் பாஸ்மெட் என்ற பூச்சிக்கொல்லியையும் தடவி, ஒரு நாள் விட்டு, சோடாக் கரைசலில் போட்டார்கள். 12 முதல் 15 நிமிடத்தில் மேல்தோலில் இருந்தது முழுதாகப் போனது. சோடாவின் காரத்தன்மை இந்த இரண்டு மருந்துகளையும் சிதைத்துவிடுகிறது. எல்லா மருந்தும் அப்படிச் சிதையும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைவிட முக்கியமான செய்தி அதே ஆய்வில் உண்டு. தையபெண்டசோலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அந்த ஒரு நாளுக்குள்ளேயே தோலுக்குள் இறங்கிவிட்டது. அதை எந்தக் கரைசலும் எட்டவில்லை. தோலைச் சீவினால்தான் குறையும். சீவினால் நார்ச்சத்தும் போகும். இமிடாகுளோப்ரிட் போல, செடியே உறிஞ்சிச் சாறோடு கொண்டுசெல்லும் மருந்தாக இருந்தால் சீவியும் பயனில்லை.

உப்புத் தண்ணீர்மீது நமக்கு நம்பிக்கை வந்ததற்குக் காலிஃபிளவர் ஒரு காரணம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் போட்டதும் புழு மேலே வந்துவிடும். புழு வந்ததற்காக மருந்தும் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. உப்பு, வினிகர் இரண்டும் சில மருந்துகளை ஓரளவு குறைக்கும், எவ்வளவு என்பது மருந்துக்கு மருந்து மாறும். வினிகர் செலவும் அதிகம், வாடையும் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. நறுக்குவதற்கு முன்பே கழுவுங்கள். திராட்சையைச் சிறு கொத்துகளாகப் பிரித்தால்தான் காம்போரம் தண்ணீர் போகும். குழாயடியில் அரை நிமிடமாவது கையால் தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியால் துடையுங்கள். தோலோடு தின்னும் ஆப்பிள், கொய்யாவுக்கு மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் ஆப்பசோடா கரைத்து, கால் மணி நேரம் போட்டுவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். பாட்டில் திரவத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.