நாலு மாத கரண்டு பில்: கழித்தது பணமா, யூனிட்டா?

ரீடிங் எடுக்காமல் வந்த பில்லும், பிறகு வந்த "அதிர்ச்சி" பில்லும்!

2020-ம் ஆண்டு ஜூன் மாதம். சென்னை நகரில் டீக்கடை, ரேஷன் கியூ எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. "என்னங்க அநியாயம்! போன தடவை 500 ரூபாய் கட்டினேன். இந்தத் தடவை ஆயிரத்து அறுநூறு போட்டிருக்கான்!"

மீட்டரில் கோளாறு இல்லை. ரீடிங் எடுத்தவரும் தப்பாக எழுதவில்லை. பின்னே பில் ஏன் எகிறியது? விஷயம் இதுதான்: அதற்கு முந்தைய பில் உண்மையான பில்லே அல்ல. அது உத்தேச பில்.

நடந்தது என்ன?

2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்தது. மின்வாரிய கணக்கீட்டு ஊழியர்கள் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்க முடியவில்லை. "போன தவணையில் எவ்வளவு கட்டினீர்களோ, அதே தொகையை இப்போதும் கட்டுங்கள். பிறகு ரீடிங் எடுத்து நேர் செய்து கொள்ளலாம்" என்று மின்வாரியம் அறிவித்தது.

கேட்பதற்கு நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. ஏப்ரலில் கணக்கு எடுக்க வேண்டிய வீட்டுக்குப் "போன தவணை" என்பது டிசம்பர், ஜனவரி. குளிர் காலம். ஃபேன் கூட மெதுவாக ஓடிய நேரம். அந்தத் தொகையைக் கொண்டு வந்து பிப்ரவரி, மார்ச்சுக்கு வைத்தார்கள். அடுத்து வந்ததோ ஏப்ரல், மே. கோடை வெயில். குடும்பமே நாள் முழுக்க வீட்டில். ஃபேன், டி.வி., ஃபிரிட்ஜ், சில வீடுகளில் ஏ.சி. எல்லாம் ஓய்வில்லாமல் ஓடின.

ஜூனில் ரீடிங் எடுத்தபோது நாலு மாத யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து நின்றது.

மீட்டர் மறக்காது

இங்கே ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்புவது இல்லை. அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு தவணை யாரும் பார்க்காமல் விட்டாலும், அடுத்த தடவை பார்க்கும்போது விட்டதும் சேர்ந்தே காட்டும்.

அதனால் யூனிட் கணக்கு தானாகவே நேராகி விடும். உத்தேச பில் குறைவாக வந்தால் அது லாபம் அல்ல, கடன். அடுத்த பில்லில் வசூலாகி விடும். கூடுதலாக வந்திருந்தால் அது உங்கள் கையிருப்பு. ஊரடங்கில் ஷட்டரே திறக்காத கடைக்காரர்கள் பலருக்கு இந்த நிலைதான். கட்டியது அதிகம், ஓடியது குறைவு. மிச்சம் அடுத்தடுத்த பில்லில் கழிய வேண்டும்.

யூனிட் நேராகிறது, சரி. பணம் நேராகிறதா? அங்கேதான் வில்லங்கம்!

500 என்ற கோடு

கரண்டுக்கு எல்லா யூனிட்டும் ஒரே விலை அல்ல. கூடக் கூட விலையும் கூடும். 2020-ல் வீடுகளுக்கு இரண்டு மாதக் கணக்கு இப்படி இருந்தது:

500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம். 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய். 201 முதல் 500 வரை 3 ரூபாய். நிலைக்கட்டணம் ரூ.30. (200 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு இதைவிடக் குறைந்த விலை.)

500-ஐத் தாண்டி விட்டால் கதையே வேறு. முதல் 100 அப்போதும் இலவசம். ஆனால் 101 முதல் 200 வரை ரூ.3.50. 201 முதல் 500 வரை ரூ.4.60. அதற்கு மேல் ரூ.6.60. நிலைக்கட்டணம் ரூ.50.

சரியாக 500 யூனிட் ஓடினால் ரூ.1,130. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் ரூ.1,786.60! ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய் தண்டம். ஆகவே நாலு மாத யூனிட்டை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு வீட்டை எடுத்துக் கொள்வோம். குளிர்காலத்தில் 300 யூனிட் ஓடி ரூ.530 பில் வந்தது. ஏப்ரலில் ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை. அதே ரூ.530-ஐக் கட்டினார்கள். ஜூனில் ஆள் வந்தார். பிப்ரவரி ஆரம்பத்தில் மீட்டர் 12,400. இப்போது 13,360. வித்தியாசம் 960 யூனிட்.

இந்த 960-ஐ ஒரே தவணையாகப் போட்டால் ரூ.4,816. வீட்டுக்காரர் மயங்கியே விழுவார். மின்வாரியம் அப்படிச் செய்யவில்லை. நாலு மாதத்தை இரண்டு தவணையாகப் பாதியாக்கியது. 480, 480. ஒவ்வொன்றுக்கும் 100 யூனிட் இலவசம் தனித்தனியே உண்டு. 480 யூனிட்டுக்கு ரூ.1,070. இரண்டுக்கும் ரூ.2,140. ஏற்கெனவே கட்டிய ரூ.530-ஐக் கழித்தால் பாக்கி ரூ.1,610.

டீக்கடையில் கேட்ட "ஆயிரத்து அறுநூறு" இப்படித்தான் வந்தது. அது இரண்டு மாத பில் அல்ல. கோடை பில்லும், குளிர்கால பில்லில் விட்ட குறையும் சேர்ந்தது.

"யூனிட்டைக் கழித்திருக்க வேண்டாமா?"

அப்போது பலர் கேட்ட கேள்வி இது. "300 யூனிட்டுக்குத்தான் ஏற்கெனவே பணம் கட்டி விட்டேனே? 960-ல் 300-ஐக் கழித்து விட்டு மீதிக்குப் பில் போட வேண்டியதுதானே?"

போட்டுப் பார்ப்போம். மீதி 660 யூனிட். அது 500-ஐத் தாண்டுகிறது. ஆகவே மேல் விலை. பில் ரூ.2,836! பணத்தைக் கழித்தபோது வந்ததை விட ரூ.1,226 கூடுதல். இந்த வீட்டுக்குப் பாதியாகப் பிரித்து, பணத்தைக் கழித்ததே லாபம்.

இன்னொன்றும் உண்டு. இந்த வீட்டில் உண்மையில் ஓடியது பிப்ரவரி, மார்ச்சில் 400, ஏப்ரல், மேயில் 560 என்று வைத்துக் கொள்ளுங்கள். உரிய நேரத்தில் ரீடிங் எடுத்திருந்தால் ரூ.830-ம், ரூ.2,176-ம் ஆக ரூ.3,006 ஆகியிருக்கும். பாதியாகப் பிரித்ததால் ரூ.2,140-தான். 866 ரூபாய் மிச்சம். திட்டிக்கொண்டே லாபம் அடைந்த வீடு இது!

பக்கத்து வீட்டில் நஷ்டம்

ஆனால் எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. பக்கத்து வீட்டில் நாலு மாதத்துக்கு 1,020 யூனிட். வெறும் 60 தான் கூடுதல். உண்மையில் ஓடியது 460-ம், 560-ம். உரிய நேரத்தில் ரீடிங் எடுத்திருந்தால் முதல் தவணை 500-க்குள் அடங்கி ரூ.1,010. இரண்டாவது ரூ.2,176. மொத்தம் ரூ.3,186.

பாதியாக்கினார்கள். 510, 510. இரண்டுமே கோட்டைத் தாண்டி விட்டன! தவணைக்கு ரூ.1,846. மொத்தம் ரூ.3,692. இந்த வீட்டுக்காரருக்கு ரூ.506 நஷ்டம். அவர் செய்த தப்பு ஒன்றும் இல்லை. ஏப்ரலில் மீட்டரைப் பார்க்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு முறையை எதிர்த்து சென்னை ஐகோர்ட்டில் வழக்கும் போட்டார்கள். 2020 ஜூலையில் வழக்கு தள்ளுபடி ஆனது. பாதியாகப் பிரிப்பதே நிலைத்தது.

அந்த 506 ரூபாயைத் தடுக்க ஒரு வழி அப்போதும் இருந்தது. மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்துத் தங்கள் பகுதி உதவிப் பொறியாளருக்கு அனுப்பலாம் என்று மின்வாரியம் சொல்லியிருந்தது. உரிய தேதியில் அனுப்பியவருக்கு நடுவில் ஒரு உண்மை ரீடிங் கிடைத்தது. அனுப்பாதவருக்குப் பாதிதான் கணக்கு.

உங்கள் பில் உத்தேசமா?

ஊரடங்கு போய் விட்டது. ஆனால் மீட்டர் வீட்டுக்குள் இருந்து, வீடு பூட்டிக் கிடந்தால் இந்தச் சிக்கல் எப்போதும் வரலாம். கண்டுபிடிப்பது சுலபம். யூனிட்டும் தொகையும் போன தவணை போலவே அச்சாக இருக்கிறதா? கணக்கு அட்டையில் தொகை ஏறியும் ரீடிங் ஏறவில்லையா? அது உத்தேச பில்.

அன்றைக்கே மீட்டரைப் போட்டோ எடுத்து விடுங்கள். டிஜிட்டல் மீட்டரில் பல எண்கள் மாறி மாறி வரும். வோல்டேஜும் வரும், வேறு சிலவும் வரும். பக்கத்தில் kWh என்று வரும் எண்தான் யூனிட். சக்கரம் சுற்றும் பழைய மீட்டராக இருந்தால், கடைசியில் உள்ள சிவப்பு எண்ணைச் சேர்க்க வேண்டாம். அது தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவது.

அடுத்த பில் வந்ததும் நாலு விஷயம் பாருங்கள். இன்றைய ரீடிங்கில் இருந்து, கடைசியாக உண்மையில் எடுத்த ரீடிங்கைக் கழித்தார்களா? வந்த யூனிட்டை எத்தனை தவணையோ அத்தனையாகப் பிரித்தார்களா? இலவச யூனிட்டை ஒவ்வொரு தவணைக்கும் கொடுத்தார்களா? நீங்கள் கட்டிய உத்தேசத் தொகையைக் கழித்தார்களா? இதில் அடிக்கடி பிசகக்கூடியது இரண்டாவது. எல்லாவற்றையும் ஒரே தவணையில் போட்டு விட்டால் இலவசம் ஒரு தடவைதான் கிடைக்கும். விலையும் மேலே தாவி விடும்.

2022 செப்டம்பரிலும் அதன் பிறகும் கட்டண விகிதம் மாறி இருக்கிறது. ஆகவே உங்கள் கணக்குக்கு இன்றைய விகிதத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மட்டும் இதுவே.

தப்பு இருந்தால் வாய்ப் பேச்சோடு விடாதீர்கள். பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். தேதியோடு எடுத்த மீட்டர் போட்டோவை இணையுங்கள். அங்கே தீராவிட்டால், மின் பகிர்மான வட்ட அளவில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

கவுண்ட்டரில் போய், "பில் ஏன் சார் இவ்வளவு?" என்று கேட்டால், "ஓடியிருக்கு, வந்திருக்கு" என்ற பதில்தான் வரும். "இதை எத்தனை தவணையாகப் பிரித்தீர்கள், எந்த ரீடிங்கில் இருந்து எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். அவரும் அட்டையை வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும்.