சாலையில் முதலை: படத்துக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

2011-இல் ஐரீன் புயலின்போது, போர்ட்டோ ரிக்கோவில் வெள்ளம் புகுந்த சாலையில் சுறா நீந்துவதாக ஒரு படம் பரவியது. 2017-இல் அதே சுறா ஹூஸ்டன் வெள்ளத்திலும் நீந்தியது. தென்னாப்பிரிக்காவில் சிறு படகு ஒன்றைப் பின்தொடர்ந்த சுறாவை எடுத்த பழைய படத்திலிருந்து வெட்டி ஒட்டியது அது. மூலப்படம் கிடைத்ததும் வழக்கு முடிந்தது. ஆனால் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில் சென்னை பெருங்களத்தூரில் முதலை சாலையைக் கடந்த வீடியோ உண்மையானது.

மூலப்படம் போன்ற வலுவான சான்று எப்போதும் கிடைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் சின்னச் சின்னத் தடயங்கள்தான். அவற்றைச் சேர்த்து எடைபோட ஒரு தாளும் பேனாவும் போதும். இரண்டாம் உலகப் போரில் ஆலன் டூரிங், ஜெர்மன் ரகசியக் குறியீட்டை உடைக்கத் தனித்தனியான பலவீனமான சான்றுகளை இப்படித்தான் கூட்டினார்.

ஒவ்வொரு தடயத்திடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: போலிப் படங்களில் இது எத்தனை தடவை தெரியும், உண்மைப் படங்களில் எத்தனை தடவை தெரியும்? போலியில் இரண்டு மடங்கு அதிகமாகத் தெரிந்தால் +1, நான்கு மடங்கு என்றால் +2, எட்டு மடங்கு என்றால் +3. உண்மைப் படங்களில் அதிகம் தெரிந்தால் அதே கணக்கு மைனஸில். இரண்டிலும் ஒரே அளவு என்றால் பூஜ்யம். பெருக்கலாக வரவேண்டியதை இந்த எண்கள் வெறும் கூட்டலாக்கிவிடுகின்றன.

ஒரு கற்பனை உதாரணம். இரவில் தெருவிளக்கடியில், முழங்கால் தண்ணீரில் கிடக்கும் முதலை. வாட்ஸ்அப்பில் வந்த படம். ஏரியருகே மழைக்காலம் என்பதால் உண்மையாகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம் என்று பூஜ்யத்தில் தொடங்குவோம். பாலைவன ஊர் என்றால் தொடக்க எண்ணே +3-ஐத் தாண்டியிருக்கும்.

எடுத்த நேரம், கேமரா விவரம் எதுவும் படத்தில் இல்லை. சந்தேகமாகத் தோன்றும். ஆனால் சாதாரணமாக அனுப்பும் எந்தப் படத்திலிருந்தும் வாட்ஸ்அப் அவற்றை நீக்கிவிடும். ஆகவே பூஜ்யம். முதலையின் விளிம்பில் வெளிறிய கோடு தெரிகிறது: +1. முதலை மேலுள்ள புள்ளித் துகள்கள் தண்ணீரில் உள்ளவற்றிலிருந்து வேறுபடுகின்றன: இதுவும் +1. ஆனால் இரண்டும் ஒரே காரணத்தால் வரக்கூடியவை. வெட்டி ஒட்டினாலும் வரும், படத்தைச் சுருக்கி அனுப்பினாலும் வரும். ஒரே ஆள் இரண்டு முறை சொன்ன சாட்சி அது. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதி, ஒரு +1 மட்டும் கொடுக்க வேண்டும்.

அடுத்து பிரதிபலிப்பு. அசையாத தண்ணீரில் ஒரு புள்ளியும் அதன் பிம்பமும் நேர் மேல்கீழாக அமைய வேண்டும், கேமரா சாயாதவரை. விளக்குக் கம்பத்தின் பிம்பம் அப்படியே இருக்கிறது. முதலைக்குப் பிம்பமே இல்லை. +2. ஆனால் முதலையைச் சுற்றி நீரலை விரியும் விதம் இயல்பாக இருக்கிறது: -1. பின்னால் உள்ள கடைப் பலகை அந்தத் தெருவில் நிஜமாகவே இருக்கிறது: ஒட்டுவேலைக்கும் நிஜத் தெரு கிடைக்கும் என்பதால் வெறும் -1.

மொத்தம் +1. அதாவது போலியாக இருக்க இரண்டு பங்கு, உண்மையாக இருக்க ஒரு பங்கு வாய்ப்பு. இதை வைத்து "போலி" என்று அறிவிக்க முடியாது. "சந்தேகம் உண்டு, உறுதியில்லை" என்பதுதான் நேர்மையான தீர்ப்பு. கேமரா விவரமின்மைக்கு +1, துகளுக்குத் தனியாக +1 போட்டிருந்தால் மொத்தம் +3 ஆகியிருக்கும். எட்டுக்கு ஒன்று என்று அடித்துப் பேசியிருப்போம். தடயம் ஒன்றுகூடப் புதிதாகக் கிடைக்காமலேயே நம்பிக்கை நான்கு மடங்காகிவிடும். இந்தத் தாளில் நடக்கும் பெரிய தவறு இதுதான். நல்ல கண் உள்ளவர்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

பிம்பத்தைப் பற்றியும் உறுதியில்லாவிட்டால், அதற்கு 0 முதல் +2 வரை என்று எழுதலாம். அப்போது மொத்தம் -1 முதல் +1 வரை. இரண்டு பக்கமும் சாயும் தீர்ப்பை ஒரே எண்ணாகச் சொல்வது பொய்யான துல்லியம். +3-ம் அதற்கு மேலும் "போலியாக இருக்கலாம்", -3-ம் அதற்குக் கீழும் "உண்மையாக இருக்கலாம்", நடுவில் "தெரியவில்லை" என்று முன்கூட்டியே எல்லை குறித்துவிட வேண்டும். மொத்தத்தைப் பார்த்தபின் எல்லையை நகர்த்தக் கூடாது, தடயத்தின் எண்ணையும்தான்.

இந்த எண்கள் எங்கிருந்து வரும்? முதலில் ஊகம்தான். பிறகு, உண்மை தெரிந்த படங்களைச் சேகரித்து, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் ஒருமுறை அனுப்பிவிட்டு, எது எது என்று அறியாத ஒருவரிடம் தாளை நிரப்பச் சொல்லலாம். போலியும் உண்மையும் பாதிக்குப் பாதி கலந்திருந்தால், +3 வாங்கியவற்றில் ஏறக்குறைய ஒன்பதுக்கு எட்டு போலியாக இருக்க வேண்டும். ஆறுதான் போலி என்றால் எங்கோ அதிகமாகக் கொடுத்திருக்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது விளிம்புக் கோட்டின் எண்ணை, ஏனென்றால் சுருக்கப்பட்ட உண்மைப் படங்களிலும் அது அடிக்கடி தலைகாட்டும்.