சித்தி அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்... கேள்வி எங்கே?

ராத்திரி 10 மணிக்கு சித்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். கேண்டி க்ரஷ் விளையாட்டின் ஸ்க்ரீன்ஷாட். கூடவே ஒரு வார்த்தைகூட இல்லை.

உங்கள் வீட்டு குரூப்பிலும் இப்படிப் படங்கள் வரும்தானே? அதற்குப் பின்னால் மூன்று கேள்விகளில் ஒன்று ஒளிந்திருக்கும். ‘லேசா ஒரு க்ளூ கொடு’, ‘இதை எப்படித்தான் முடிக்கிறது?’, ‘இது என்னன்னே புரியலையே!’

நான் படத்தைப் பார்த்தேன். லெவல் 58. மீதி 6 மூவ். உடைக்க வேண்டிய ஜெல்லி இன்னும் 9. ‘58 லெவல் வந்தவருக்கு விதி தெரியாதா? க்ளூ போதும்’ என்று முடிவு பண்ணி, “பச்சையில நாலு சேருங்க சித்தி, கோடு போட்ட மிட்டாய் வரும்” என்று அனுப்பினேன்.

ஒரு லைஃப் போனதுதான் மிச்சம். மொத்தமே 5 லைஃப். போன ஒன்று திரும்பி வர 30 நிமிடம் ஆகும். “அதெல்லாம் எனக்குத் தெரியும்டி. அந்த பிரவுன் கட்டம் ஏன் தானா பெருகுது?” என்று பதில் வந்தது.

அவர் கேட்டது விதியை! ஒரு மூவில் ஒரு சாக்லேட்டைக்கூட உடைக்கவில்லை என்றால், அது பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் மிட்டாயை விழுங்கிப் பரவும். அதை ஒட்டி மூன்று மிட்டாய்களைச் சேர்த்தால் உடையும். இந்த மாதிரி தடைகள் எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. லெவல் ஏற ஏறத்தான் ஒவ்வொன்றாக வரும். அதனால் லெவல் நம்பரை வைத்து ஆளை எடைபோடக் கூடாது.

படத்திலேயே துப்பு இருந்தது. இடது ஓரம் முழுக்க சாக்லேட். விதி தெரிந்தவர் முதல் சில மூவிலேயே அதை உடைத்திருப்பார். தடை பெருகி, மூவும் தீரப்போகிறது என்றால் கேள்வி விதியைப் பற்றியதாக இருக்கலாம். தடையெல்லாம் உடைந்து, ஒன்றிரண்டு ஜெல்லி மட்டும் மிச்சம் என்றால் க்ளூ போதும். ஒரு மூவ்கூடப் போகாத தொடக்கப் படமா? அவர் பலமுறை தோற்றுவிட்டு முழு வழியையும் கேட்கிறார்.

ஆனால், கேண்டி க்ரஷில் ஒவ்வொரு மூவாக எழுதிக்கொடுக்க முடியாது. மேலிருந்து எந்த நிற மிட்டாய் விழும் என்று யாருக்கும் தெரியாது. ‘முதலில் சாக்லேட், அப்புறம் மூலை ஜெல்லி’ என்று வரிசைதான் சொல்லலாம். பாட்டிலில் வண்ணத் தண்ணீரைப் பிரிக்கும் விளையாட்டு வேறு. அதில் பெரும்பாலும் எல்லா நிறமும் கண்முன்னே இருக்கும். கடைசிவரை சொல்லிவிடலாம். சொன்னால், அவர் விளையாட எதுவும் மிஞ்சாது.

இப்போதெல்லாம் சித்தியின் படம் வந்தால் முதலில் ஒரு வரிதான் அனுப்புகிறேன். “க்ளூவா, வழியா, இல்ல இது என்னன்னு சொல்லணுமா சித்தி?”

நேற்று வந்த பதில்: “ஒண்ணும் வேணாம்டி. ஜெயிச்சுட்டேன், அதைக் காட்டத்தான் அனுப்பினேன்!”