சுவரைத் தடிமனாக்கினால் மட்டும் போதுமா?

பீரங்கிக் குழாயாகட்டும், உயரழுத்த ரசாயன ஆலைக் குழாயாகட்டும், உள்ளே அழுத்தம் ஏறினால் சுவர் சுற்றுவாட்டில் இழுபடும். இந்த இழுப்புக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் வளையத் தகைவு. சுவர் மெல்லியதாக இருந்தால் அதன் தடிமன் முழுவதும் இந்தத் தகைவு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். சுவர் தடித்தால் கணக்கு மாறிவிடுகிறது.

உள் ஆரம் 50 மி.மீ., வெளி ஆரம் 100 மி.மீ. கொண்ட எஃகுக் குழாயில் 100 மெகாபாஸ்கல், அதாவது வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அழுத்தம் கொடுப்போம். சராசரி பார்த்தால் வளையத் தகைவு 100. ஆனால் பிரெஞ்சு அறிஞர் கேப்ரியல் லாமேயின் சூத்திரப்படி உட்புறத்தில் 167, சுவரின் நடுவில் 93, வெளிப்புறத்தில் வெறும் 67.

ஏன் இந்த வேறுபாடு? குழாய் உப்பும்போது உள்வளையமும் வெளிவளையமும் வெளிநோக்கி நகர்கின்றன. உள்வளையத்தின் சுற்றளவு சிறியது என்பதால் அதன் நீட்சி விகிதம் அதிகம், தகைவும் அதிகம். வெளி அடுக்குகள் முழுபலத்தோடு தோள்கொடுப்பதற்குள் உள் அடுக்கு தன் எல்லையைத் தொட்டுவிடும்.

அப்படியானால் சுவரை இன்னும் தடிமனாக்கலாமே? வெளி ஆரத்தை 150 மி.மீ. ஆக்கினால் எஃகின் எடை இரண்டே முக்கால் மடங்கை நெருங்கும். உட்புறத் தகைவோ 167-லிருந்து 125-க்குத்தான் இறங்கும். சுவரை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது 100-க்குக் கீழே போகவே போகாது. உள், வெளித் தகைவுகளின் வித்தியாசம் எப்போதும் உள் அழுத்தத்துக்குச் சமம் என்பதே காரணம். வெளிப்புறத் தகைவை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது என்பதும் இதனால்தான். அழுத்தம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் குழாயில் விரிசல் பெரும்பாலும் உள்சுவரில்தான் பிறக்கும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. மீயொலிச் சோதனையில்தான் அகப்படும்.

எடையைக் கூட்டாமல் தப்பிக்க ஒரு வழி உண்டு. 1850-களில் இங்கிலாந்தின் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் பீரங்கிக் குழாயின் மேல் சூடேற்றிய இரும்பு வளையங்களை மாட்டினார். அவை ஆறிச் சுருங்கி உள்குழாயை இறுக்கின. வெடி வெடிக்கும்போது உண்டாகும் இழுப்பு முதலில் இந்த இறுக்கத்தைத் தீர்த்த பிறகே உள்சுவரை இழுக்கத் தொடங்கும்.

பின்னர் வளையமே இல்லாமல் இதே பலன் கிடைத்தது. குழாயைப் பயன்படுத்துவதற்கு முன்பே, வேலை அழுத்தத்தைவிட மிக அதிகமான அழுத்தத்தைத் திரவத்தால் ஏற்றுவார்கள். உள் அடுக்கு மீள முடியாதபடி நீண்டுவிடும். வெளி அடுக்கு மீள்தன்மையை இழக்காது. அழுத்தத்தை எடுத்ததும் வெளி அடுக்கு பழைய நிலைக்குத் திரும்ப முயன்று உள் அடுக்கை நிரந்தரமாக நெருக்கும். இதற்கும் எல்லை உண்டு. அளவு மீறினால் உள் அடுக்கு அந்த நெருக்கலிலேயே இளகிவிடும். பிறகு கடுமையாகச் சூடேற்றினாலோ உட்புறத்தை அதிகமாகக் கடைந்தாலோ சேமித்த இறுக்கம் கரைந்துபோகும்.