கணக்கில் ஏறிய பணம் எப்போது உங்களுடையது?

அமெரிக்காவில் வீட்டிலிருந்தபடி லோகோ வரைந்து கொடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய கூலி 500 டாலர். தபாலில் வரும் காசோலையிலோ 2,500 டாலர் என்று இருக்கிறது. "அச்சகத்துக்குத் தர வேண்டிய 2,000 டாலரையும் சேர்த்தே போட்டுவிட்டோம். அங்கே கார்டு வாங்க மாட்டார்கள், நீங்களே அனுப்பிவிடுங்கள்" என்கிறார் வாடிக்கையாளர். காசோலையை வங்கியில் போட்டதும் இரண்டே நாளில் பணம் கணக்கில் ஏறிவிடுகிறது. இவரும் நம்பி 2,000 டாலரை அனுப்புகிறார். இரண்டு வாரம் கழித்து காசோலை போலி என்று திரும்பிவர, வங்கி 2,500 டாலரையும் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்கிறது. அச்சகம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

வங்கி ஏன் முதலில் பணத்தைக் காட்டியது? காசோலைப் பணத்தை வங்கிகள் இழுத்தடிக்கக் கூடாது என்று 1987இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன்படி பெரும்பாலும் ஓரிரு வேலை நாட்களில் பணத்தை எடுக்க விட்டாக வேண்டும். அதற்குள் காசோலை உண்மையா பொய்யா என்பது தெரிந்திருக்காது. நல்ல நோக்கத்தில் வந்த சட்டம்தான், ஆனால் திருடன் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். உண்மையான நிறுவனத்தின் பெயரும் கணக்கு எண்ணும் காசோலையில் அச்சாகியிருக்கலாம் என்பதால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். காசோலை பிறந்த வங்கியின் எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசிக் கேட்கலாம். காசோலையில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், அதை எடுப்பவனும் கூட்டாளியாக இருக்கலாம்.

அதைவிட எளிய சோதனை, கூடுதல் தொகையை ஏற்க மறுப்பது. "சரியான தொகைக்கு வேறு காசோலை அனுப்புங்கள்" என்றால் நேர்மையான வாடிக்கையாளருக்கு அது அரை மணி நேர வேலை. மோசடிக்காரருக்கு மட்டும் அவசரமும் கோபமும் வரும்.

பொருள் விற்பவரிடம் இதே ஏமாற்று எஸ்க்ரோ வேடத்தில் வருகிறது. எஸ்க்ரோ என்றால், பொருள் கைசேரும் வரை நடுவில் ஒரு நிறுவனம் பணத்தை வைத்திருப்பது. வாங்குபவர் தாமே ஓர் இணையதளத்தைச் சொல்லி, அதில்தான் என்று பிடிவாதம் பிடிப்பார். "பணம் வந்துவிட்டது, பொருளை அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வரும். தளம் அச்சு அசலாக இருக்கும், முகவரியில் மட்டும் ஓரெழுத்து மாறியிருக்கும். ஃப்ரீலான்சரிடம் "தொகையை விடுவிக்க" முன்கட்டணம் கேட்பதும் உண்டு. உங்களுக்கு வர வேண்டிய பணத்துக்கு நீங்களே முன்பணம் கட்டச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எஸ்க்ரோ நிறுவனத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கலிபோர்னியாவில் இயங்குவதாகச் சொன்னால் அந்த மாநில நிதிப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் உரிமம் உண்டா என்று பாருங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். முதலில் உங்கள் வங்கியை அழையுங்கள். பிறகு இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற எண்ணிலும், அமெரிக்காவில் இருப்பவர்கள் reportfraud.ftc.gov தளத்திலும் புகார் செய்யலாம்.