பட்டனை அழுத்தினால் யார் வீட்டுக்குப் போகும்?

காரைக்குடிப் பக்கம் பலகாரம் போட்டு விற்கும் ஓர் அக்கா இருக்கிறார். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை என்று கல்யாணச் சீருக்கும் வளைகாப்புக்கும் வெளியூர்களுக்கு அனுப்புகிறார். அண்ணன் மகன் கல்லூரி விடுமுறையில் வந்தபோது அவருக்கு ஒரு சின்ன வெப்சைட் போட்டுக் கொடுத்தான். ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு படம், விலை, அதன் கீழே பச்சை நிறத்தில் ஒரு வாட்ஸ்அப் பட்டன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு மாதம் ஓடியும் அந்தப் பட்டன் வழியாக ஒரு மெசேஜ்கூட வரவில்லை. 'நெட்டுல யாரு முறுக்கு வாங்குறா' என்று அக்கா விட்டுவிட்டார். கடைசியில் சென்னையிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் போட்டார். "ஏங்க்கா, பட்டனை அழுத்துனா நம்பரே செல்லாதுன்னு வருதே?"

கோளாறு இரண்டே இலக்கங்களில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள அந்தப் பட்டனைத் திறந்து பார்க்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே இருப்பது ஒரே ஒரு வரி முகவரிதான்.

```
https://wa.me/91XXXXXXXXXX
```

wa.me என்பது வாட்ஸ்அப் நிறுவனமே தரும் குறுக்கு வழி. சாய்கோட்டுக்குப் பிறகு உங்கள் எண். யாராவது இதைத் தொட்டால், எண்ணைச் சேமிக்காமலேயே அவர் போனில் உங்களோடு பேசும் திரை திறந்துவிடும். இதற்குக் கட்டணம் இல்லை, யாரிடமும் பதிவு செய்யவும் வேண்டாம். 'வாட்ஸ்அப் பட்டன் வைத்துத் தருகிறோம்' என்று மாதச் சந்தா கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பதில்களையும் ஆட்களையும் நிர்வகிக்கும் வேறு வசதிகளைத் தரலாம். ஆனால் பட்டனுக்கு மட்டும் என்றால் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எண்ணை எழுதுவதில்தான் கவனம் வேண்டும். நாட்டுக் குறியீடு முதலில் வர வேண்டும், நமக்கு அது 91. கூட்டல் குறி, இடைவெளி, கோடு, முன்னால் போடும் சைபர் எதுவும் கூடாது. அக்காவின் எண் 94 என்று தொடங்கும். பையன் 91 சேர்க்காமல் பத்து இலக்கத்தை அப்படியே போட்டுவிட்டான். 94 என்பது இலங்கையின் குறியீடு. ஆகவே வாட்ஸ்அப் அதை ஏதோ ஓர் இலங்கை எண் என்று எடுத்துக்கொண்டது. இலங்கை எண்ணுக்கு 94-க்குப் பின் ஒன்பது இலக்கம் இருக்க வேண்டும், இங்கே எட்டுதான் இருந்தது, அதனால் 'செல்லாது' என்றது. நம் ஊர் மொபைல் எண்கள் பலவும் இப்படி வேறொரு நாட்டின் குறியீட்டோடுதான் தொடங்குகின்றன. 63 பிலிப்பைன்ஸ், 98 ஈரான், 95 மியான்மர், 81 ஜப்பான். பெரும்பாலும் எண் செல்லாது என்று நின்றுவிடும், அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். இலக்கக் கணக்கு தற்செயலாகப் பொருந்திவிட்டால் உங்கள் வாடிக்கையாளர் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரிடம் தேன்குழல் விலை கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்தத் தவறு மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. பட்டன் வேலை செய்யாவிட்டால் கடைக்காரருக்கு எந்தத் தகவலும் வராது. வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். தன் போனிலேயே அழுத்திப் பார்ப்பதும் போதாது. உங்கள் எண் சேமிக்கப்படாத இன்னொருவர் போனில் அழுத்தி, 'அனுப்பு' வரைக்கும் போய், மெசேஜ் உங்களுக்கு வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரிலும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. ஆபீஸில் உட்கார்ந்து சீர்ப் பலகாரம் தேடுகிறவர்களும் உண்டு. அங்கே முதலில் ஒரு இடைப் பக்கம் வரும், அதில் இன்னொரு முறை தொட்டால்தான் வாட்ஸ்அப் வெப் திறக்கும்.

எண்ணைத் திருத்தியதும் மெசேஜ்கள் வரத் தொடங்கின. அடுத்த தலைவலியும் கூடவே வந்தது. வந்தவற்றில் பாதி 'ஹாய்'. மீதி 'ரேட்?' எதற்கு ரேட், எத்தனை கிலோ, எந்த ஊர், என்றைக்கு வேண்டும் என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பவருக்கு இது ஆகிற காரியமா? நான்கு கேள்விக்கு நான்கு முறை கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுக்க வேண்டும். நாலாவது பதில் வருவதற்குள் கேட்டவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

இதற்கு மருந்து அதே வரியிலேயே இருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் ?text= என்று போட்டு ஒரு வாசகத்தை எழுதிவைத்தால், திரை திறக்கும்போதே அந்த வாசகம் தட்டச்சு செய்யப்பட்டு நிற்கும்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=தேன்குழல்%20வேண்டும்.%0Aகிலோ:%0Aதேதி:%0Aஊர்:
```

இதில் %20 என்பது இடைவெளி, %0A என்பது அடுத்த வரிக்கு இறங்குவது. வாடிக்கையாளர் கண்ணுக்கு இந்தக் குறிகள் தெரியாது. 'தேன்குழல் வேண்டும்' என்ற வரியும், அதன் கீழே கிலோ, தேதி, ஊர் என்று மூன்று வரிகளும்தான் தெரியும். ஆட்கள் அதைப் பார்த்ததும் நிரப்பிவிடுகிறார்கள். படிவம் நிரப்பச் சொன்னால் ஓடுகிறவர்கள்கூட வாட்ஸ்அப்பில் என்றால் அலுத்துக்கொள்வதில்லை. மனகோலம் பக்கத்துப் பட்டனில் 'மனகோலம் வேண்டும்', சீடை பக்கத்துப் பட்டனில் 'சீப்புச் சீடை வேண்டும்' என்று மாற்றிவிட்டால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதும் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கல்யாண மண்டபத்தில் கொடுக்கும் நோட்டீஸில் க்யூஆர் கோடு அச்சடிப்பதானால், அதற்குரிய வாசகத்தில் 'மண்டப நோட்டீஸ் பார்த்தேன்' என்று ஒரு வரி சேர்க்கலாம். எந்த விளம்பரம் ஆள் கொண்டுவருகிறது என்று தனியாகக் கணக்கு எழுத வேண்டியதில்லை.

வாசகம் தானாகப் போய்விடாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 'அனுப்பு' என்பதை அவர்தான் தொட வேண்டும். அதுவரை அவர் யார், அவர் எண் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே பட்டனை இத்தனை பேர் அழுத்தினார்கள் என்று வெப்சைட் கணக்குக் காட்டினால், அத்தனை மெசேஜ் வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. திரை வரை வந்து திரும்பிப் போனவர்களும் அந்தக் கணக்கில் இருப்பார்கள்.

வாசகத்தில் ஒரு பொறி இருக்கிறது. அக்கா வீட்டுப் பையன் ஒரு பட்டனில் 'முறுக்கு & சீடை காம்போ வேண்டும்' என்று எழுதினான். வந்ததெல்லாம் வெறும் 'முறுக்கு'. முகவரி வரியில் & என்ற குறிக்கு 'இதோடு ஒன்று முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது' என்று பொருள். அதனால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் கழன்றுவிடும். # குறியும் இப்படித்தான் வெட்டும். & வேண்டுமானால் %26 என்று எழுத வேண்டும். அதைவிட 'முறுக்கும் சீடையும்' என்று தமிழில் எழுதிவிட்டால் தொல்லையே இல்லை. இன்னொன்று, தமிழ் எழுத்தை முகவரிக்குள் அப்படியே போட்டாலும் இன்றைய பிரவுசர்கள் புரிந்துகொள்கின்றன. ஆனால் அந்த இணைப்பை நகல் எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஒவ்வோர் எழுத்தும் விரிந்துவிடும். 'ம' என்ற ஓர் எழுத்து %E0%AE%AE ஆகிவிடும். நான்கு வரி வாசகம் அரைப் பக்கத்துக்கு நீண்டு நிற்கும். க்யூஆர் கோடு அச்சடிப்பவர்களுக்கு இது முக்கியம். வரி நீள நீளக் கோட்டின் கட்டங்கள் பொடியாகிக்கொண்டே போகும், மலிவான தாளில் அச்சாகும்போது கேமரா அதைப் படிக்கத் திணறும். நோட்டீஸுக்கு இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

பட்டன் வைத்தால் 'உடனே' என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்து வருகிறது. இராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ் அனுப்பியவர் காலை வரை பொறுப்பார், ஆனால் 'பார்த்துவிட்டோம்' என்ற ஒரு வார்த்தையாவது வேண்டும் என்பார். இதற்காகத்தான் வாட்ஸ்அப் பிசினஸ் என்ற தனி ஆப். 2018 ஜனவரியில் வந்தது, சிறு கடைகளுக்கு இலவசம். இதில் வரவேற்பு மெசேஜ் ஒன்றை எழுதிவைக்கலாம். முதல் முறை வருகிறவருக்கும், பதினான்கு நாள் பேச்சில்லாமல் இருந்துவிட்டுத் திரும்ப வருகிறவருக்கும் அது தானாகப் போகும். கடை மூடியிருக்கும் நேரத்துக்கு 'அவே மெசேஜ்' என்று இன்னொன்று. நேரத்தைக் குறித்துவைத்தால் அந்த நேரத்தில் வருகிறவர்களுக்கு அதுவே பதில் சொல்லும்.

இங்கேயும் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அவே மெசேஜ் போவதற்கு உங்கள் போனில் நெட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். படுக்கப் போகும்போது டேட்டாவை அணைத்துவிடும் பழக்கம் அக்காவுக்கு இருந்தது. எந்த நேரத்துக்காக அந்த வாசகத்தை எழுதினாரோ அந்த நேரத்தில் அது போகவே இல்லை. இப்போது போன் சார்ஜில், வைஃபையில் கிடக்கிறது. அவர் எழுதியிருக்கும் வாசகமும் எனக்குப் பிடித்திருந்தது. 'தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்' வகைச் சம்பிரதாயம் எதுவும் இல்லை: 'அடுப்படியில் இருக்கிறேன். காலை பத்து மணிக்குப் பதில் தருகிறேன். அவசரம் என்றால் போன் பண்ணுங்கள்.' திரும்பத் திரும்பக் கேட்கப்படும் விலைப் பட்டியலையும், பார்சல் செலவையும் குவிக் ரிப்ளையாகச் சேமித்துவிட்டார். /rate என்று அடித்தால் முழுப் பட்டியலும் வந்து நிற்கிறது.

எந்த எண்ணைக் கொடுப்பது என்பதைப் பட்டன் வைக்கும் முன்பே யோசித்துவிட வேண்டும். ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸ் ஆப்பிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. சொந்த எண்ணையே கொடுத்துவிட்டால் சம்பந்தி வீட்டு மெசேஜும் சீடை ஆர்டரும் ஒரே வரிசையில் நிற்கும். தனி சிம் வாங்குவதே நல்லது. லேண்ட்லைன் எண்ணிலும் பிசினஸ் ஆப்பைத் தொடங்கலாம், சரிபார்ப்புக் குறியீட்டை அழைப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தனி சிம் என்றால் அதற்கு ரீசார்ஜ் விட்டுப் போகக் கூடாது. நீண்ட நாள் பயன்படுத்தாத எண்ணைக் கம்பெனிக்காரர்கள் முடக்கி, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் நோட்டீஸிலும் வெப்சைட்டிலும் இருப்பது அப்போது அவருடைய எண்.

எண் ஊரறிய வெளியே நிற்பதால் வேண்டாதவர்களும் வருவார்கள். 'ஆர்டர் கொடுக்கிறேன், உங்களுக்கு ஒரு ஆறு இலக்க எண் வரும், சொல்லுங்கள்' என்று யாராவது கேட்டால் அது உங்கள் வாட்ஸ்அப் கணக்கைப் பறிக்கிற முயற்சி. கணக்கு போய்விட்டால் பட்டனும் அவர் கைக்குப் போய்விடும், உங்கள் வாடிக்கையாளர்கள் அனுப்பும் முன்பணமும் அவருக்கே போகும். செட்டிங்ஸில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி ஒரு பின் எண் வைத்துவிட்டால், அந்தக் குறியீடு மட்டும் கிடைத்தவரால் உள்ளே நுழைய முடியாது.

வாட்ஸ்அப் பட்டனுக்குப் பக்கத்தில் சாதாரண அழைப்புப் பட்டன் ஒன்றையும் வைக்கச் சொன்னேன். அதற்கும் ஒரு வரிதான், இங்கே கூட்டல் குறி இருக்கலாம்.

```
<a href="tel:+91XXXXXXXXXX">போன் பண்ண</a>
```

தேன்குழலுக்கு வெண்ணெய் எவ்வளவு போடுகிறீர்கள், மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை தட்டு அனுப்பினால் முறையாக இருக்கும் என்றெல்லாம் விசாரித்துவிட்டு வாங்குகிறவர்கள் தட்டச்சு செய்வதில்லை, அவர்களுக்குப் பேச வேண்டும். பெரிய ஆர்டர்கள் அவர்களிடமிருந்துதான் வருகின்றன என்று அக்கா சொல்கிறார். தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் மட்டும் பையனிடம் சொல்லி வாட்ஸ்அப் பட்டனை எடுத்துவிடச் சொல்கிறார். அப்போது அடுப்பு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கிலோவுக்கே போதாது.