சனிக்கிழமை செய்த கப், அடுத்த மாதம் கைக்கு வரும்

"தொடக்கநிலை மண்பாண்ட வகுப்பு. சனி, ஞாயிறு மட்டும். பொருட்கள் கட்டணத்தில் அடக்கம். செய்ததில் இரண்டு உங்களுக்கே." மேலே சேறு படிந்த இரண்டு கைகளின் படம். சென்னையிலும் புதுச்சேரியிலும் இப்போது அடிக்கடி கண்ணில் படும் அறிவிப்பு இது. இதைப் பார்த்துப் பணம் கட்டியபோது, ஞாயிறு மாலை கப்போடு வீடு திரும்பலாம் என்றுதான் நினைத்தேன். துணிப்பைகூட எடுத்துப் போயிருந்தேன். வெறும் பையோடுதான் திரும்பினேன்.

சனி, ஞாயிறு என்று வைப்பது நம் விடுமுறைக்காக மட்டுமல்ல, அது மண்ணுக்கும் தோதான கணக்கு. சனிக்கிழமை சாத்துக்குடி அளவில் ஓர் உருண்டை தருவார்கள், சுமார் 400 கிராம். அதைச் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிறுத்துவதிலேயே முதல் ஒரு மணி நேரம் போய்விடும். "முழங்கையைத் தொடையில ஊன்றிக்கோங்க. கை ஆடினா மண்ணும் ஆடும்" என்று ஆசிரியை சொல்லிக்கொண்டே இருந்தார். கப் ஒருவழியாக எழுந்ததும் கம்பியால் அறுத்து, பலகையில் வைத்து விடுவார்கள். ஒரே இரவில் அது தோல்போல இறுகும். விரலால் அழுத்தினால் குழியாது, நகத்தால் கீறினால் கீறும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கவிழ்த்து வைத்து, அடியைச் செதுக்கி, கைப்பிடி ஒட்டுவார்கள். இந்தப் பதம் தப்பினால் செதுக்கவும் முடியாது, பிடி ஒட்டவும் ஒட்டாது.

அதன் பிறகு காத்திருப்பு. ஒரு வாரம், மழைக்காலமென்றால் இன்னும் சில நாள், நிழலில் மெதுவாக உலர வேண்டும். வெயிலில் வைத்தால் விளிம்பு முந்திக் காய்ந்து சுருங்கும், அடிப்பகுதி ஈரமாகவே நிற்கும், நடுவில் விரிசல் விழும். காய்ந்ததா என்று பார்க்கக் கருவி வேண்டாம், கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு சூளையில் ஏற்றினால் 100 டிகிரியைத் தாண்டும்போது நீராவி வெளியேற வழியில்லாமல் கப்பை உடைத்துவிடும். காற்றுக்குமிழ்தான் வெடிக்கிறது என்று பலரும் சொல்வார்கள். குமிழைச் சுற்றித் தங்கிய ஈரம்தான் பெரும்பாலும் குற்றவாளி.

நன்றாக உலர்ந்த கப்பை முதலில் 950 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சுடுவார்கள். இப்போது அது செங்கல் போல் நீரை உறிஞ்சும். இதைக் கிளேஸ் கரைசலில் சில நொடி முக்கி எடுத்து, அடியைத் துடைத்துவிட்டு, மறுபடி சுடுவார்கள். துடைக்காமல் விட்டால் கண்ணாடியாக உருகும் கிளேஸ் கப்பைச் சூளைத் தட்டோடு ஒட்டிவிடும். ஸ்டோன்வேர் மண் என்றால் இந்த இரண்டாவது சூடு 1200 டிகிரியைத் தாண்டும். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி வழியாக நம் பக்கம் பரவியது இந்த ஸ்டோன்வேர் முறைதான். நம் ஊர்ச் சூளைப் பானை இவ்வளவு சூட்டைப் பார்ப்பதில்லை. அதனால்தான் அதில் தண்ணீர் கசிகிறது, கசிவதால்தான் குளிர்கிறது. ஒவ்வொரு முறையும் சூளை நிறையும்வரை காத்திருக்க வேண்டும், ஆற ஒரு நாளாவது வேண்டும். மொத்தத்தில் மூன்று, நான்கு வாரம்.

இதற்குள் கப் சுருங்கியும் விடும். மண்ணைப் பொறுத்து அளவு மாறும், என் கப்புக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. 10 சென்டிமீட்டர் உயரம் 8.8 ஆயிற்று. சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சுருங்குவதால், 300 மில்லி பிடிக்கும் என்று நான் செய்தது 204 மில்லிதான் பிடித்தது. மூன்றில் ஒரு பங்கு போயே போய்விட்டது!

நான் செய்த இன்னொரு கப்பின் அடியில் ஆங்கில எஸ் எழுத்து வடிவில் ஒரு விரிசல். சக்கரத்தில் இருக்கும்போதே அடியை விரலால் நன்றாக அழுத்தி இறுக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகுமாம். என் தப்பு. அது இப்போது பேனா தாங்கி.

ஆக, பணம் கட்டுமுன் "பொருட்கள் அடக்கம்" என்பதில் என்னென்ன அடக்கம் என்று கேளுங்கள். மண்ணும் கருவியும் எங்கும் தருவார்கள். இரண்டு முறை சுடுவதும் கிளேஸும் அதில் சேருமா என்பதே கேள்வி. சூளையே இல்லாமல், தானாக இறுகும் மண்ணில் செய்து வண்ணம் பூசி அன்றே கையில் கொடுக்கும் வகுப்புகளும் உண்டு. பொம்மைக்கு அது போதும், காபிக்கு ஆகாது. சக்கரத்தில் உட்காரப் போகிறீர்கள் என்றால் முந்தின இரவே நகத்தை வெட்டிவிடுங்கள்.